கேள்வியைப் படிக்கும்போது பேனாவைக் கீழே வை

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில், மெயின்ஸ் தேர்வுக்கான டெஸ்ட் எழுதும்போது பதினான்காவது விடைக்கு மேல் கை பூட்டிக்கொள்கிறது, கட்டைவிரல் அடியில் எரிகிறது என்று சொன்னாயே, ராத்திரி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வந்தபோது நீ டெஸ்ட் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு உள்பக்கமாக மடங்கி, நகம் வெளுத்துப் போயிருந்தது. நீ எழுதி முடித்த தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் எழுத்தெல்லாம் மேடாகத் தட்டுப்பட்டது. வலிக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நிறைய எழுதுவதைவிட இறுக்கிப் பிடிப்பதுதான் உன் கையைக் கெடுக்கிறது.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன, அங்கிருந்து நரம்பு மாதிரி நாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு வருகின்றன. அந்தத் தசையும் கட்டைவிரல் அடியில் இருக்கிற சதையும் விடாமல் இறுகியே இருந்தால் ரத்தம் சரியாக ஓடாது, களைத்துப் பிடித்துக்கொள்ளும். நடுநடுவே கொஞ்சம் தளர்த்தினால் அந்தக் களைப்பு குறையும்.

கார்பன் வைத்து மனு எழுதிய காலத்தில் எனக்கும் இது வந்தது. மூன்று பிரதிக்கு அழுத்தி அழுத்திப் பழகிய கை, ஒற்றைத் தாளிலும் அழுத்தியது. அப்போது பக்கத்து மேசையில் இருந்த பெரியவர்தான், "ஆள் பேசும்போது பேனாவைக் கீழே வைடா" என்றார். யோசிக்கிற நேரத்திலும் நான் பேனாவை நசுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். நீயும் அப்படித்தான் செய்கிறாய்.

உன் பொது அறிவுத் தாளில் 20 கேள்வி, 180 நிமிடம். ஒரு விடைக்கு 9 நிமிடம்தான், அதனால் ஓய்வுக்கு நேரமில்லை என்று சொல்வாய். ஆனால் அடுத்த கேள்வியை எப்படியும் படிக்கத்தானே வேண்டும்? அந்த நேரத்தில் பேனாவை மேசையில் வைத்துவிடு, கையைத் தொடைப் பக்கம் தொங்கவிடு, விரலை விரித்து மூடு. தடவைக்கு 15 விநாடி என்றாலும் 20 கேள்விக்கு மொத்தம் 5 நிமிடம், அதுவும் படிக்கிற நேரத்திலேயே அடங்கிவிடும்.

அப்புறம் பேனா. ஒல்லியான பால் பாயிண்ட் பேனாவில் மை கெட்டியாக இருப்பதால் அழுத்தினால்தான் ஓடும், ஒல்லியாக இருப்பதால் இன்னும் இறுக்கிப் பிடிப்பாய். கொஞ்சம் தடிமனான, ரப்பர் பிடியுள்ள ஜெல் பேனா வாங்கிப் பார். தாள் மெல்லிசாக இருந்தால் பின்பக்கம் ஊறும், எழுதினதும் கை பட்டால் இழுபடும், அதையும் சோதித்துக்கொள். எந்த மைக்கு அனுமதி என்று அறிவிப்பில் பார்த்துவிட்டு, பிடித்த பேனா கிடைத்ததும் அதே மாதிரி நாலு வாங்கி, டெஸ்டுக்கெல்லாம் அதிலேயே எழுது. முனையிலிருந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடி. எழுதும்போது இடது கையால் பேனாவை இழுத்துப் பார், லேசாக உருவிக்கொண்டு வரவேண்டும். வரவில்லை என்றால் இறுக்குகிறாய் என்று அர்த்தம்.

மெயின்ஸுக்கு 7 வாரம்தான் இருக்கிறது, அதனால் பிடிக்கும் முறையையே மாற்றிவிடாதே, வேகம் போய்விடும், கையெழுத்தும் கெடும். இருக்கிற பிடியைத் தளர்த்தினால் போதும்.

உட்காருவதில் ஒன்றுதான் சொல்வேன். நீ முன்னால் சாய்ந்து உடம்புப் பாரத்தை எழுதும் கையிலேயே போடுகிறாய். பாரம் இடது முன்கையில் இருக்கட்டும், அதே கை தாளையும் பிடிக்கட்டும். விடைப்புத்தகத்தின் தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து வை, மணிக்கட்டு மடங்காது. முழங்கை அந்தரத்தில் தொங்காமல் மேசை மேல் வரவேண்டும், மேசை விளிம்பு முன்கையை அறுக்கக்கூடாது. வரி ஓட ஓட முன்கை முழுவதும் நகரட்டும். தமிழில் எழுதுகிறாய், சுழி நிறைய, எல்லாவற்றையும் விரலாலேயே சுழித்தால் விரல் தாங்காது.

ஒரே நாளில் காலை ஒரு தாள், மதியம் ஒரு தாள் என்பதால் அதற்கும் கையைப் பழக்கவேண்டும். இந்த வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் ஒன்றரை என்று ஏற்று. கடைசி நாலைந்து நாள் முழுத் தாள் எதுவும் எழுதாதே.

இதெல்லாம் களைப்பால் வரும் வலிக்குத்தான். ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் எழுப்பினாலோ, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைச் சாய்க்கும்போது மணிக்கட்டில் சுளீர் என்றாலோ, நாலு வரி எழுதுவதற்குள் விரல் தானாக முறுக்கிக்கொண்டாலோ தைலம் தடவிச் சமாளிக்காதே, உடனே டாக்டரைப் பார். அவற்றில் எதுவும் உனக்கு இருக்கிறதா என்று போனில் சொல்லவே இல்லை, இன்று ராத்திரி பேசும்போது மறைக்காமல் சொல்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் எழுதியதும் தாளின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. மேடு குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அப்பா