சட்னிக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவகப் பட்டியல்களில் கலோரி அளவை அச்சிடுவது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்களை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் இதற்குக் கட்டாயப்படுத்துகின்றன. என்னுடையது ஒற்றைக் கடை. சர்க்கரை நோயுள்ள வாடிக்கையாளர்கள் கேட்டதால் நானாகவே கணக்கிடத் தொடங்கினேன்.

இணையத்தில் ‘தோசை’ என்று தேடிக் கிடைக்கும் எண் என் கடைத் தோசைக்குப் பொருந்தாது. அடுப்படித் தராசுதான் கைகொடுத்தது. ஒரு கிலோ இட்லி அரிசிக்குச் சுமார் 3,500 கலோரி, கால் கிலோ உளுத்தம்பருப்புக்குச் சுமார் 810. இரண்டையும் தண்ணீர் விட்டு அரைத்தால் எங்களுக்கு மூன்று கிலோ மாவு கிடைக்கிறது. ஆகவே நூறு கிராம் மாவில் 144 கலோரி. ஊறவைக்கும் முன் நிறுத்த எடையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். வெந்த தோசையை நிறுத்து மாவின் எண்ணால் பெருக்கினால், கல்லில் ஆவியாகிப்போன தண்ணீரின் அளவுக்குக் கலோரி குறைவாகக் காட்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டிருப்பதால், அதை 4.184ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். நான் முதல் நாள் இதைக் கவனிக்காமல் ஒரு தோசைக்கு அறுநூறு கலோரி என்று எழுதித் திகைத்துப்போனேன்.

எண்ணெயைக் கண்ணால் மதிப்பிட முடியாது. இருபது தோசை வார்ப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெய்ப் பாத்திரத்தை நிறுத்தோம். ஒரு மாஸ்டர் கையில் தோசைக்குப் பத்து கிராமும், மற்றவர் கையில் பதினான்கு கிராமும் செலவாகியிருந்தன. ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரி என்பதால், கை மாறினாலே 36 கலோரி கூடிவிடுகிறது. இப்போது இருவருக்கும் ஒரே அளவுக் கரண்டி கொடுத்திருக்கிறேன். நூறு கிராம் மாவும் பத்து கிராம் எண்ணெயும் சேர்ந்து 234 கலோரி; பட்டியலில் 235 என்று போட்டிருக்கிறோம்.

எங்களை உண்மையில் திடுக்கிட வைத்தது தேங்காய்ச் சட்னி. இருநூறு கிராம் துருவலும் ஐம்பது கிராம் பொட்டுக்கடலையும் தாளிப்பும் தண்ணீரும் சேர்ந்த அரைக்கிலோ சட்னியில் கிட்டத்தட்ட 1,100 கலோரி இருந்தது. அதாவது ஐம்பது கிராம் கரண்டிக்கு 110. இரண்டு முறை கேட்டு வாங்குபவரின் இலையில் சட்னி மட்டுமே ஏறத்தாழ இன்னொரு தோசை! தோசைக்கு மட்டும் எண் போட்டுவிட்டுத் தொட்டுக்கொள்வதை விட்டுவிடும் பட்டியலை நான் ஏமாற்று என்றே சொல்வேன். எனவே சட்னிக்குத் தனி வரி எழுதி, கரண்டிக் கணக்கில் போட்டிருக்கிறோம்.

புரதத்தையும் இதே முறையில் கணக்கிட்டு, தோசைக்கு 4.5 கிராம் என்று சேர்த்திருக்கிறேன். வைட்டமின்களைப் போடவில்லை; மாவு புளிப்பதிலும் கல்லின் சூட்டிலும் அவற்றின் அளவு மாறுவதால், பச்சைப் பொருளின் அட்டவணையைக் கொண்டு அதை எழுதுவது சரியாகாது.

இப்படிக்கு,
சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் ஒருவர்,
மதுரை.