சிவப்பு மையில் அடிக்கப்பட்ட -3.46: பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கும் பொருளியல் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். முதுகலைப் பொருளியல் செய்முறைத் தேர்வின் ஐந்தாம் கேள்வியைப் பற்றி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலிருந்து எழுதுகிறோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள். கேள்வியும் விடைக்குறிப்பும் தங்களிடம் இருக்கின்றன. சுருக்கம் மட்டும் இது: 50 ஆண்டு நுகர்வும் வருமானமும் நீண்டகாலத்தில் ஒன்றோடொன்று கட்டுண்டு நகர்கின்றனவா, அதாவது கோஇன்டகிரேஷன் உண்டா என்று முதல் பிரிவு கேட்டது; அந்த உறவிலிருந்து விலகிய நுகர்வு எப்படித் திரும்புகிறது என்று காட்டும் எரர் கரெக்‌ஷன் மாடலை இரண்டாம் பிரிவு கேட்டது. சோதனை எண் -1.95-க்குக் கீழே போனாலே கோஇன்டகிரேஷன் உண்டு என்கிறது விடைக்குறிப்பு. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஐந்தாம் கேள்வியின் விடைக்குறிப்பைத் திருத்தி, அந்த விடைகளை மட்டுமாவது மீண்டும் மதிப்பிட வேண்டும்.

கட்டணம் கட்டி வாங்கிய விடைத்தாள் நகல் ஒன்று எங்கள் முன்னால் இருக்கிறது. மாணவி 50 ஆண்டு நுகர்வையும் வருமானத்தையும் லாக் எடுத்து, நுகர்வை வருமானத்தின் மேல் ரெக்ரஷன் செய்திருக்கிறார். வருமானத்தின் கெழு 0.93, R² 0.99. எச்சங்களை எடுத்து, அவை நிலையான தொடரா என்று பார்க்கும் ஏடிஎஃப் சோதனை செய்து -2.71 என்று சரியாகவே எழுதியிருக்கிறார். அடுத்த வரி: "கிரிட்டிக்கல் வேல்யூ -3.46. எனவே கோஇன்டகிரேஷன் இருப்பதாகச் சொல்ல முடியாது." அந்த -3.46 மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் "-1.95" என்று திருத்தம். அதற்குக் கீழே, எரர் கரெக்‌ஷன் மாடல் கேட்ட (ஆ) பிரிவில், "கோஇன்டகிரேஷன் இல்லாததால் வித்தியாசங்களில் மட்டும் ரெக்ரஷன் செய்கிறேன்" என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு 8-க்கு 0.

ஐயா, அந்தக் கோடு விழ வேண்டிய இடம் -1.95.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். ஆய்வகக் கணினியில் R மென்பொருளில் பிள்ளைகள் தட்டுவது இதைத்தான். `lc` நுகர்வின் லாக், `ly` வருமானத்தின் லாக், `u` எச்சம்:

```r
library(urca)
m <- lm(lc ~ ly)
u <- resid(m)
summary(ur.df(u, type="none", lags=1))
```

இதை ஓட்டினால் திரையின் அடியில் `tau1` என்ற வரியில், 5 சதவீதத்துக்கு நேராக -1.95 என்று வரும். `u` எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கட்டளைக்குத் தெரியாது. யாரோ நேரடியாக அளந்து கொடுத்த ஒரு தொடர் என்று எடுத்துக்கொண்டு அதற்குரிய அட்டவணையைக் காட்டுகிறது. நம் `u` அளந்து வந்தது அல்ல, மதிப்பிட்டு வந்தது. ரெக்ரஷன் செய்யும் வேலையே எச்சங்களின் வர்க்கக் கூட்டலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான். இரண்டு தொடருக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், அது 0.93 போன்ற ஒரு கெழுவைத் தேடிப் பிடித்து, எச்சத்தை நிலையான தொடர்போல அடக்கிக் காட்டிவிடும். அதனால்தான் இங்கே தாண்ட வேண்டிய கோட்டை இன்னும் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. ஏங்கலும் கிரேஞ்சரும் 1987-ல் இந்தச் சோதனையை முன்வைத்த கட்டுரையிலேயே இதற்குத் தனி மதிப்புகளைக் கணக்கிட்டுத் தந்தார்கள். பிறகு மெக்கினன் எல்லா மாதிரி அளவுக்கும் பொருந்தும்படி ஒரு சூத்திரம் கொடுத்தார். இரண்டு தொடர், ரெக்ரஷனில் மாறிலி உண்டு, 5 சதவீதம் என்றால் கணக்கு இது:

```
-3.3377 - 5.967/50 - 8.98/2500 = -3.46
```

அந்த மாணவி விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டிருப்பது இதே கணக்கைத்தான். தேர்வில் அட்டவணை தரப்படவில்லை. சூத்திரத்தை மனப்பாடமாக எழுதியிருக்கிறார்.

எங்கள் சொல்லை நம்ப வேண்டாம். தங்கள் ஆய்வகத்திலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு தொடர்களை, போன ஆண்டின் மதிப்போடு ஏதோ ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும்படி, 50 ஆண்டுக்கு உருவாக்குங்கள். ஒன்றின் மேல் மற்றொன்றை ரெக்ரஷன் செய்து எச்சத்தைச் சோதியுங்கள். இதை ஆயிரம் முறை:

```r
library(urca); set.seed(7)
k <- replicate(1000, {
  y <- cumsum(rnorm(50)); x <- cumsum(rnorm(50))
  u <- resid(lm(y ~ x))
  ur.df(u, type="none", lags=1)@teststat[1]
})
mean(k < -1.95); mean(k < -3.46)
```

-1.95 என்ற கோட்டை வைத்தால், சம்பந்தமே இல்லாத ஜோடிகளில் ஏறக்குறைய பாதிக்கு "கோஇன்டகிரேஷன் உண்டு" என்று வரும். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. -3.46 வைத்தால் தவறு நூற்றுக்கு ஐந்தை ஒட்டி நிற்கும். ஐந்து சதவீத சோதனை என்று சொல்வது அதைத்தான்.

R² 0.99 இருக்கிறதே, உறவு இல்லாமலா போகும் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டும் வண்டிகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகிறது, சித்தூர் கடையில் அரிசி விலையும் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டையும் வைத்து ரெக்ரஷன் போட்டால் R² மேலேதான் நிற்கும். அதற்காக வண்டி அரிசி விலையை ஏற்றியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-லேயே இந்தப் போலி ரெக்ரஷனைக் காட்டிவிட்டார்கள். R² உயர்ந்தும், அடுத்தடுத்த ஆண்டு எச்சங்கள் ஒட்டிப் போகின்றனவா என்று காட்டும் டர்பின்-வாட்சன் எண் சுருங்கியும் இருந்தால் சந்தேகப்படுங்கள் என்பது அவர்கள் சொன்ன அடையாளம். ஐந்தாம் கேள்வியின் ரெக்ரஷனில் டர்பின்-வாட்சன் 0.41. விடைக்குறிப்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இனி (ஆ) பிரிவு. எங்களை அதிகம் வருத்தியது இதுதான். கோஇன்டகிரேஷன் உண்டு என்று தவறாக முடிவு செய்துவிட்டு, விடைக்குறிப்பு எரர் கரெக்‌ஷன் மாடலுக்குப் போகிறது. நுகர்வின் மாற்றத்தை வருமானத்தின் மாற்றத்தின் மேலும், போன ஆண்டு எச்சத்தின் மேலும் ரெக்ரஷன் செய்கிறது. எச்சத்தின் கெழு -0.16, t மதிப்பு -2.3, "1.96-ஐத் தாண்டிவிட்டது, எனவே சரிக்கட்டல் நடக்கிறது" என்று முடிக்கிறது. நீண்டகால உறவே இல்லாவிட்டால் அந்த t மதிப்பும் வழக்கமான பரவலைப் பின்பற்றாது. அங்கேயும் கோடு -3.2 பக்கத்தில் இருக்கிறது. -2.3 அதைத் தொடவே இல்லை. அதாவது அந்த மாணவி இரண்டு வாசலிலும் சரியாக நின்றிருக்கிறார்; விடைக்குறிப்பு இரண்டு வாசலிலும் தவறாக நுழைந்திருக்கிறது.

உறவு உண்மையில் இருக்கும் தரவில் இந்த மாடல் என்ன சொல்கிறது என்பதும் விடைக்குறிப்பில் தெளிவாக இல்லை. "எதிர்மறை உறவு" என்று ஒரு சொல்லோடு விட்டிருக்கிறார்கள். நாங்கள் வகுப்பில் காட்டும் கணக்கைச் சொல்கிறோம். எண்கள் பாடத்துக்காக நாங்களே வைத்தவை. நீண்டகாலக் கெழு அதே 0.93. குறுகிய காலச் சமன்பாடு:

```
Δlc(t) = 0.004 + 0.42 Δly(t) - 0.28 u(t-1)
```

தேங்காய் விலை ஏறி ஒரு பகுதியின் வருமானம் 10 சதவீதம் உயர்ந்து, அப்படியே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறிலியை ஒதுக்கிவைத்தால், நீண்டகாலத்தில் நுகர்வு 9.3 சதவீதம் ஏற வேண்டும். ஆனால் முதல் ஆண்டிலேயே வீட்டுச் செலவு அவ்வளவு ஏறாது. உயர்வு நிலைக்குமா என்று பார்ப்பார்கள், பழைய கடனை அடைப்பார்கள். முதல் ஆண்டு 4.2 சதவீதம்தான் ஏறுகிறது. இன்னும் 5.1 பாக்கி. இரண்டாம் ஆண்டில் அந்தப் பாக்கியில் 28 சதவீதம், அதாவது 1.4 சேருகிறது. மூன்றாம் ஆண்டில் மிச்சமுள்ள 3.7-ல் 28 சதவீதம், இன்னொரு 1.0. பாக்கி பாதியாகக் குறைய இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். அந்தக் கழித்தல் குறி வருமானத்துக்கும் நுகர்வுக்கும் பகை என்று சொல்லவில்லை. வழி தவறிய நுகர்வைத் திரும்ப இழுத்து வருவதே அந்தக் குறிதான். அது கூட்டல் குறியாக வந்தால்தான் பயப்பட வேண்டும். விலகல் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது என்று பொருள்.

இதில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறும் இருக்கிறது. போன ஆண்டு எச்சத்துக்குப் பதில் இந்த ஆண்டு எச்சத்தைப் போட்டுவிடுகிறார்கள். இந்த ஆண்டு எச்சத்துக்குள் இந்த ஆண்டு நுகர்வே ஒளிந்திருப்பதால், கெழு கூட்டல் குறியோடு வரக்கூடும். விடைத்தாளில் இந்த அடையாளத்தைப் பார்த்து மதிப்பெண் குறைத்தால் நாங்கள் ஒரு வார்த்தை பேசமாட்டோம். அது நியாயமான குறைப்பு.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 50 ஆண்டு என்பது சின்ன மாதிரி. -3.46-ஐத் தாண்டவில்லை என்பதால் உறவே கிடையாது என்று நிரூபணம் ஆகிவிடாது. நடுவில் ஒரு பெரிய கொள்கை மாற்றம் வந்து உறவின் மட்டமே நகர்ந்திருந்தால்கூட இந்தச் சோதனை ஏமாந்துவிடும். ஆகவே "உறவு இருக்கலாம், இந்தத் தரவு காட்டவில்லை" என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. -1.95 என்று எழுதியவருக்கு மட்டும் முழு மதிப்பெண், மற்றவருக்குப் பூஜ்யம் என்பதை ஏற்க முடியவில்லை.

எல்லைப்புறப் பிள்ளைகளின் நிலையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பாடநூல் ஆங்கிலம். மூன்றையும் தாண்டி ஒரு பெண் இந்தச் சூத்திரத்தைப் புரிந்து மனத்தில் வைத்து எழுதினால், அதன் மேல் கோடு போட்டு அனுப்புகிறோம். அடுத்த ஆண்டு வகுப்பில் நாங்கள் எதைச் சொல்லிக் கொடுப்பது? சரியானதையா, மதிப்பெண் வருவதையா? மறுமதிப்பீட்டுக்கு ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே பணம் கட்டச் சொல்வதும் முறையல்ல. தவறு விடைக்குறிப்பில் இருக்கிறது, விடைத்தாளில் இல்லை. கோபமாக எழுதிவிட்டோம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து ஐந்தாம் கேள்வியின் விடைக்குறிப்பைத் திருத்தி, (அ), (ஆ) இரண்டு பிரிவுகளையும் கட்டணம் இல்லாமல் மீண்டும் மதிப்பிட ஆணையிடுங்கள். அடுத்த தேர்விலிருந்து கேள்வித்தாளோடு மெக்கினன் அட்டவணையின் ஒரு பக்கத்தையாவது இணையுங்கள். அதுவும் முடியாவிட்டால், ஆய்வகக் கணினிகளில் கிரெட்டில் என்ற இலவச மென்பொருளை நிறுவி `coint 1 lc ly` என்று ஒரே வரியில் செய்ய அனுமதியுங்கள். அது எச்சத்துக்குரிய சரியான p மதிப்பையே காட்டுகிறது. துணைத்தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பே முடிவு வந்தால், அந்த 8 மதிப்பெண்ணால் தவறிய பிள்ளைகள் வீணாக இன்னொரு கட்டணம் கட்ட வேண்டியிராது.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்து எல்லைப்புறப் பொருளியல் ஆசிரியர்கள் சிலர்