ஸ்ட்ரைக் வாங்கிய நேரலைச் சேனல்காரர்களுக்கு: அந்த 90 நாட்களைப் பற்றி

கரூர், திண்டுக்கல், மதுரைப் பக்கம் ஊர்த் திருவிழாக்களை யூடியூப்பில் நேரலை செய்யும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். உங்களைப் போலவே நானும் பல வருடமாகத் தேரோட்டமும் ஜல்லிக்கட்டும் கும்பாபிஷேகமும் நேரலை செய்துவருகிறவன். இந்தப் பொங்கலுக்குப் பிறகு நம்மில் நான்கைந்து பேர் யூடியூப் விதியை மீறியதற்காக ஸ்ட்ரைக் வாங்கிக்கொண்டு எனக்குப் போன் செய்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, ஒரு வாரம் கழிச்சு லைவ் வந்துடும்ல?" வந்துவிடும். ஆனால் அந்த ஒரு வாரத்தோடு தண்டனை முடிந்துவிட்டதாக நினைப்பதால்தான் சேனல்கள் போகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு தம்பியின் சேனலில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

போன வருடப் பொங்கலுக்கு ஒரு சேவல் சண்டையின் சின்னத் துண்டைப் போட்டார். யூடியூப் அதை நீக்கி ஓர் எச்சரிக்கை கொடுத்தது. பொதுவாக முதல் மீறலுக்கு எச்சரிக்கைதான் வரும், எந்த வசதியும் பறிபோகாது. கூடவே ஒரு சின்னப் பயிற்சி எடுக்கச் சொல்வார்கள். அதை முடித்து, அடுத்த 90 நாட்களுக்குள் அதே விதியை மீண்டும் மீறாமல் இருந்தால் எச்சரிக்கை அழிந்துவிடும். பயிற்சி எடுக்காவிட்டால் அது அப்படியே நிற்கும். தம்பி மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த வருடம் ஜனவரி 16 அன்று சேவல் சண்டை முழுவதையும் நேரலை செய்தார். மறுநாள், 17-ஆம் தேதி, நேரடியாக முதல் ஸ்ட்ரைக். ஒரு வாரம் நேரலை, வீடியோ ஏற்றுவது, பதிவு போடுவது எல்லாம் நின்றது. போன வருடமே பயிற்சியை முடித்திருந்தால் இப்போது வந்திருப்பது இன்னொரு எச்சரிக்கையாக இருந்திருக்கலாம்.

இங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜல்லிக்கட்டுக்கு 2017-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. சேவல் சண்டைக்கு அப்படி எதுவும் இல்லை. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். யூடியூப் விதியும் மனிதர்கள் தூண்டிவிட்டு விலங்குகளை மோதவைக்கும் காட்சிக்கு இடம் கொடுப்பதில்லை. "எங்க ஊர் பாரம்பரியம்" என்று தலைப்பில் போடுவதால் அது மாறாது.

ஸ்ட்ரைக் வந்ததும் தம்பி செய்த முதல் காரியம் மேல்முறையீடு. "ஐயா, இதுதான் என் வாழ்வாதாரம், குடும்பம் இருக்கிறது, மன்னிக்கவும்" என்று எழுதினார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் மேல்முறையீட்டைப் படிப்பவர் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த வீடியோ விதியை மீறியதா இல்லையா. ஒரு ஸ்ட்ரைக்குக்கு ஒரு தடவைதான் மேல்முறையீடு. அதற்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது, ஆகவே கோபத்தில் அன்றைக்கே அனுப்ப வேண்டியதில்லை. கிளிமூக்குச் சேவல் கண்காட்சியைச் சண்டை என்று தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்றால், "இது கண்காட்சி, வீடியோ முழுவதும் சேவல்கள் தனித்தனிக் கூண்டில் இருக்கின்றன, இத்தனையாவது நிமிடத்தில் நடுவர்கள் உயரம் அளக்கிறார்கள்" என்று நான்கு வரியில் எழுதுங்கள். தவறு நம்முடையது என்றால் மேல்முறையீட்டை விட்டுவிடுங்கள்.

இரண்டாவதாக, நீக்கப்பட்ட வீடியோவைப் போன்ற பழைய சண்டை வீடியோக்களை "பட்டியலிடாதது" என்று மாற்றிவைத்தார். பொதுவில் தெரியாவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். விதி பட்டியலிடாத வீடியோவுக்கும், தனிப்பட்டது என்று பூட்டிய வீடியோவுக்கும் பொருந்தும். மார்ச் 2 அன்று அப்படி ஒளித்துவைத்த இரண்டு வருடப் பழைய வீடியோவுக்கு இரண்டாவது ஸ்ட்ரைக் விழுந்தது. இந்த முறை தடை இரண்டு வாரம், மார்ச் 16 வரை. மாசித் திருவிழாவுக்கு இரண்டு குலதெய்வக் கோயில்களில் முன்பணம் வாங்கியிருந்தார்.

இனி கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் வந்த நாளிலிருந்து 90 நாள் உயிரோடு இருக்கும். வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. ஜனவரி 17-இல் வந்தது ஏப்ரல் 17 வரை. மார்ச் 2-இல் வந்தது மே 31 வரை. ஒரே 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே நிரந்தரமாகப் போய்விடும். ஆக, மார்ச் 16-இல் நேரலைத் தடை நீங்கினாலும் ஏப்ரல் 17 வரை அவர் சேனல் ஒரே ஒரு தவறு தூரத்தில் இருந்தது. அந்த ஒரு மாதத்தில்தான் பங்குனித் திருவிழாக்கள் வருகின்றன. தடை நீங்கிய உற்சாகத்தில் மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

அப்புறம், நான் மிகவும் கவலைப்படும் விஷயம். மாசித் திருவிழாவுக்கு வாங்கிய முன்பணத்துக்காகத் தம்பி தன் மச்சான் சேனலில் நேரலை போட ஏற்பாடு செய்துவிட்டார். முந்தின நாள் ராத்திரி எனக்குத் தெரிந்தது. கெஞ்சி நிறுத்தினேன். ஒரு சேனலுக்கு நேரலைத் தடை இருக்கும்போது வேறு சேனல் வழியாக நேரலை செய்வது தடையை ஏய்ப்பதாகவே கருதப்படும். அதற்குக் கணக்கு முடக்கம் வரை போகலாம். கோயில் கமிட்டி சேனலை வாங்கி நாமே ஓட்டுவதும் என் பார்வையில் அதே ஆபத்துதான். கமிட்டியிடம் உண்மையைச் சொல்லி, வேறு ஒரு ஆபரேட்டரை ஏற்பாடு செய்து, முன்பணத்தை அவருக்கு மாற்றிக் கொடுத்தோம். ஒரு கோயில் வருத்தப்பட்டது. சேனல் பிழைத்தது.

நேரலை நின்றால் காரணம் ஸ்ட்ரைக்தானா என்பதையும் பாருங்கள். ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டுக்காகப் பதிப்புரிமைக்காரர் வீடியோவை நீக்கச் சொன்னாலும், நேரலை உலகம் முழுக்கத் தடுக்கப்பட்டாலும், நேரலை வசதி தனியாக நின்றுபோகலாம். பதிப்புரிமை ஸ்ட்ரைக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு. ஒன்றுக்கான பதிலை மற்றொன்றுக்கு அனுப்பி நாளை வீணாக்காதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரைக் வந்ததும் விளம்பர வருமானம் தானாக நின்றுவிடும் என்று இல்லை. தம்பிக்கு நின்றது மார்ச் 20-இல், சேனலை மறுபடி பரிசீலித்தபோது. சொன்ன காரணம், மற்றவர் உள்ளடக்கத்தை மறுபயன்பாடு செய்தது. உண்மைதான். பிறர் எடுத்த ட்ரோன் காட்சிகளையும், வாட்ஸாப்பில் வந்த காளை வீடியோக்களையும் பாட்டுப் போட்டு ஏற்றிவைத்திருந்தார். மேல்முறையீட்டுக்கு 21 நாள், அதாவது ஏப்ரல் 10 வரை. மறுபடி விண்ணப்பிக்க 90 நாள், அதாவது ஜூன் 18 முதல். இந்தத் தடவை அவர் மேல்முறையீடு செய்யவில்லை. உட்கார்ந்து சேனலைச் சுத்தம் செய்தோம்.

எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பரிசீலிப்பவர்கள் எல்லா வீடியோவையும் பார்க்க முடியாது. சேனலின் முக்கியக் கருப்பொருள், அதிகம் பார்க்கப்பட்டவை, புதிதாக ஏற்றியவை, பார்வை நேரத்தில் பெரும்பங்கு எடுப்பவை, தலைப்பும் தம்ப்நெயிலும் விவரக்குறிப்பும், சேனலின் அறிமுகப் பகுதி ஆகியவற்றைப் பார்ப்பதாக யூடியூப்பே சொல்கிறது. அதே வரிசையில் நாங்களும் போனோம். அதிகம் பார்க்கப்பட்ட முதல் இருபதில் ஒன்பது பிறர் காட்சி. அவற்றை அழித்தபோது தம்பிக்குக் கண் கலங்கியது, ஏனென்றால் பார்வை நேரமும் கூடவே போகும். விளம்பர வருமானத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கக் கடைசி 12 மாதத்தில் பொதுவில் உள்ள வீடியோக்களுக்கு 4,000 மணி நேரம் வேண்டும். அழித்தவை அதில் சேராது. 5,100-இலிருந்து 2,300-க்கு இறங்கியது. பழைய விவரக்குறிப்புகளில் இருந்த பந்தய ஆப் இணைப்புகளையும் எடுத்தோம். இணைப்புக்கே தனியாக ஸ்ட்ரைக் வரும் என்பது அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 17 தாண்டிய பிறகுதான் நேரலையைத் தொடங்கினோம். தேரோட்டம், பூக்குழி, முளைப்பாரி. முறையை மாற்றினோம். ஓபிஎஸ் மென்பொருளில் இரண்டு காட்சி வைத்தோம்: ஒன்று கேமரா, இன்னொன்று கோயில் படமும் "சற்று நேரத்தில் தொடரும்" என்ற எழுத்தும், அதற்கு மைக் ஒலி இல்லை. கேமரா பிடிப்பவர் அதை மாற்ற முடியாது, கண் லென்ஸில் இருக்கும். அதனால் லேப்டாப் முன்னால் ஒருவர் அதற்கென்றே உட்கார்ந்தார். யாராவது மாடு முட்டி விழுந்தாலோ, அலகு குத்துமிடத்தில் இரத்தம் தெரிந்தாலோ, ஒரே விசையில் படத்துக்கு மாற்றிவிடுவார். ஒலியை மேளக்காரர் பக்கம் வைத்த மைக்கிலிருந்து எடுத்தோம், ஒலிபெருக்கிப் பாட்டு குறைவாகத்தான் விழுந்தது. அரட்டையில் பந்தய இணைப்பு போடுகிறவர்களைத் தடுக்க ஊர்ப் பையன்கள் இருவரை மட்டுறுத்துநராக வைத்தோம்.

மே 31-இல் இரண்டாவது ஸ்ட்ரைக்கும் போனது. ஜூன் 18 அன்று அவர் விண்ணப்பிக்கவில்லை, 3,600 மணி நேரம்தான் இருந்தது. வருத்தப்பட்டார். கோபத்தில் பழைய காளை வீடியோக்களைத் திரும்ப ஏற்றலாமா என்றுகூடக் கேட்டார். ஆடி முதல் வாரத்துப் பூச்சொரிதல் நேரலையில் 4,000 தாண்டியது. இப்போது விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, ஒரு மாதம் வரை ஆகலாம்.

உங்களில் யாருக்காவது இப்போது ஸ்ட்ரைக் இருந்தால், அடுத்த கோயிலுக்குத் தேதி கொடுப்பதற்கு முன் யூடியூப் ஸ்டுடியோவில் அது வந்த தேதியைப் பார்த்து, 90 நாளை எண்ணி, காலண்டரில் எழுதிவையுங்கள். பட்டியலிடாத வீடியோக்களையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால், மேல்முறையீட்டை அனுப்பும் முன் எனக்குப் போன் செய்யுங்கள், அனுப்பிய பிறகு அல்ல.

உங்களில் ஒருவன்