புகார்: ப்ரொஃபைல் அப்டேட்டில் சுவர் வரிசையைச் சொல்லாமல் மாற்றியது

அனுப்புநர்:
உங்களிடம் 3டி பிரின்டர் வாங்கிய வாடிக்கையாளர், கோயம்புத்தூர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிய ப்ரொஃபைலால் 7 உருப்படிகள் வீணானதும், அதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன தவறான காரணங்களும்

ஐயா / அம்மையீர்,

மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்களுக்கு வலை மூடி செய்து தருவது என் பக்கத்தொழில். மூடியின் கீழ்ப்பகுதி ஒரு நேரான வளையம். அது குழாய்க்குள் இறங்கி உட்கார வேண்டும். மேலே புனல் மாதிரி வெளிப்பக்கம் விரியும். அந்த விரிவு செங்குத்துக் கோட்டிலிருந்து 60 டிகிரி. சப்போர்ட் வைக்காமல் பெட்ஜி ஃபிலமென்டில் எட்டு மாதமாக உங்கள் மெஷினில்தான் அடித்து வந்தேன், ஒரு குறையும் இல்லை.

போன மாதம் நீங்கள் OrcaSlicer-க்கு அனுப்பிய புதிய ப்ரொஃபைலைப் போட்டதிலிருந்து புனலின் அடிப்பக்கம் நாராகத் தொங்குகிறது. நகத்தால் தட்டினால் வெளி இழை தனியாகப் பிரிந்து கையோடு வருகிறது. வளையத்திலும் சீம் விழும் இடத்தில் மேலிருந்து கீழாக வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். 12 மூடிக்கான ஆர்டரில் 7 குப்பைக்குப் போயின.

உங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தேன். முதல் ஆள், ஃபிலமென்டில் ஈரம் இருக்கும் என்றார். ஆறு மணி நேரம் காய வைத்து அடித்தேன், அதே நார். இரண்டாவது ஆள் வெப்பத்தை 10 டிகிரி குறைக்கச் சொன்னார். மூன்றாவது ஆள் பெட் லெவல் பார்க்கச் சொன்னார். கீழே இருக்கும் வளையம் வட்டமாக, பெட்டில் கச்சிதமாக ஒட்டி நிற்கும்போது, 40 மில்லிமீட்டருக்கு மேலே தொங்குவதற்கும் பெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில் நானே பழைய ஜிகோடையும் புதிய ஜிகோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோப்பின் கடைசியில் அமைப்புகள் எழுதியிருக்கும் இடத்தில், பழையதில் இப்படி இருந்தது:

```
; wall_sequence = inner wall/outer wall
```

புதியதில் இப்படி:

```
; wall_sequence = outer wall/inner wall
```

முன்பு உள் சுவரை முதலில் போட்ட மெஷின், இப்போது வெளிச் சுவரை முதலில் போடுகிறது. இந்த ஒரு வரியை மட்டும் பழையபடி மாற்றி, அதே ரோல், அதே வெப்பம், அதே வேகத்தில் ஒரு மூடி அடித்தேன். புனலின் அடிப்பக்கம் முன்பு போலவே வந்தது.

ஏன் என்று உங்கள் ஆட்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன். லேயர் உயரம் 0.2 மி.மீ., இழை அகலம் 0.42. 60 டிகிரி சரிவில் ஒவ்வொரு லேயரும் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ 0.35 மி.மீ. வெளியே தள்ளி விழும். ஆக, வெளி இழைக்குக் கீழே பிடிமானம் 0.07 மி.மீ. மட்டும், மீதி அந்தரத்தில். உள் சுவர் முன்னமே இருந்தால், அந்த இழை பக்கவாட்டில் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். உள் சுவருக்குக் கீழே லேயர் முழுதாக இருப்பதால் அது அசையாது. வெளிச் சுவரை முதலில் போட்டால் பிடிக்க ஆளே இல்லை. இழை சில இடத்தில் தொங்குகிறது, சில இடத்தில் சுருங்கி உள்ளே இழுபடுகிறது, சில இடத்தில் விளிம்பு மேலே சுருண்டு அடுத்த சுற்றில் நாசில் டக் டக் என்று இடிக்கிறது. அதற்கப்புறம் உள் சுவர் வந்தாலும், தொங்கிவிட்ட இழையை அது தொடுவதில்லை. நகத்துக்குப் பிரிந்து வந்தது அதனால்தான்.

குழிகளுக்கும் காரணம் இதுவே. லேயர் மாறி நகர்ந்து வரும்போது நாசில் முனையில் கொஞ்சம் பிளாஸ்டிக் கசிந்து போயிருக்கும். திரும்பத் தொடங்கும் முதல் இடத்தில் அளவு குறையும். உள் சுவர் முதலில் என்றால் அந்தக் குறை உள்ளே மறைந்துவிடும். வெளிச் சுவர் முதலில் என்றால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் விழும்.

நியாயமாக ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். வெளிச் சுவரை முதலில் போடுவது தப்பான முறை என்று நான் சொல்லவில்லை. வளையத்தின் விட்டம் வரைபடத்தில் 69.2 மி.மீ. உங்கள் புதிய ப்ரொஃபைலில் காலிப்பரில் அளந்தால் 69.2 தான். பழைய முறையில் 69.35 வரும், ஏனென்றால் உள் சுவர் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, வெளி இழை அதில் நசுங்கி வெளியே பிதுங்குகிறது. நேர்ச் சுவருள்ள பெட்டியோ, அளவு பிசகக் கூடாத பாகமோ அடிப்பவருக்கு உங்கள் மாற்றம் லாபம்தான். மேற்பரப்பும் அவருக்கு வழவழவென்று வரும். ஆனால் சரிவுள்ள பாகம் அடிப்பவனுக்கு அது நஷ்டம். இரண்டு ரகமும் உங்கள் வாடிக்கையாளர்கள்தானே, சொல்லாமல் ஏன் மாற்ற வேண்டும்? நான் பழைய வரிசைக்கே திரும்பி, வரைபடத்தில் வளையத்தை மட்டும் 0.15 குறைத்துக்கொண்டேன். புனலைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

இதைச் சொன்னதும் நான்காவது ஆள் Walls printing order-இல் Inner/Outer/Inner தேர்ந்தெடுங்கள், இரண்டு நன்மையும் கிடைக்கும் என்றார். உங்கள் ப்ரொஃபைலில் சுவர் எண்ணிக்கை 2. அந்த முறைக்குக் குறைந்தது 3 சுவர் வேண்டும்: மூன்றாவது சுவர் முதலில், அப்புறம் வெளிச் சுவர், கடைசியில் இரண்டுக்கும் நடுவில் உள்ளது. சரி என்று 3 ஆக்கியும் பார்த்தேன். சீம் குழிகள் மறைந்தன, விட்டமும் சரியாக வந்தது. ஆனால் புனல் தொங்கியது தொங்கியதுதான். வெளி இழை விழும் நேரத்தில் அதன் பக்கத்து இழை அங்கே இல்லையே!

லேயரை 0.12 ஆக்கினால் தள்ளல் 0.21-ஆகக் குறைந்து பாதி இழைக்குப் பிடிமானம் கிடைக்கும், வெளிச் சுவர் முதலில் போட்டாலும் ஓரளவு தேறும். ஆனால் ஒரு மூடிக்கு நேரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். உங்கள் அப்டேட்டுக்காக நான் அந்தக் கரன்ட் பில் கட்ட முடியாது.

எனவே, வீணான ஒரு கிலோ பெட்ஜி ரோலுக்கு மாற்று ரோல் அனுப்புங்கள். ப்ரொஃபைலை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு ‘அளவுக்கு’, இன்னொன்றுக்கு ‘சரிவுக்கு’ என்று பெயரிலேயே தெரியும்படி வையுங்கள். அடுத்த அப்டேட்டில் எந்த வரி மாறியது என்று குறிப்பில் எழுதுங்கள். போனில் பேசுகிறவர்கள் ஈரம், வெப்பம், பெட் என்று தொடங்கும் முன், லேயர் முன்னோட்டத்தைத் திறந்து எந்தச் சுவர் முதலில் விழுகிறது என்று வாடிக்கையாளரைப் பார்க்கச் சொல்லட்டும். ஒரு நிமிட வேலை.

கெட்டுப்போன ஒரு மூடியையும், பழைய வரிசையில் அடித்த ஒரு மூடியையும் இரண்டு ஜிகோட் கோப்புகளுடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மெஷின் வாங்கிய வாடிக்கையாளர்