குழியை மூடும் முன் அளந்து வையுங்கள்: எங்கள் ஊர் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த என் தம்பி எங்கள் தெருமுனையில் விழுந்தான். பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதித்துவிட்டு, தோண்டிய மண்ணையே தள்ளி மூடிவைத்த இடம் அது. மூன்று நாள் மழையில் மண் உள்வாங்கி, மேலே தண்ணீர் நின்றது. தடுப்பு இல்லை. தெருவிளக்கும் எரியவில்லை. முன்சக்கரம் உள்ளே இறங்கியதில் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். நான்கு மாதம் அவனால் வேலைக்குப் போக முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் போட்டோ எடுக்கப் போனபோது அங்கே குழி இல்லை. ஒரு லோடு ஜல்லி கொட்டி நிரப்பியிருந்தார்கள். இன்னொருவர் விழாமல் தடுத்தது நல்ல காரியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தம்பியின் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சி அந்தக் குழி. அதன் நீளம், ஆழம் எதையும் யாரும் குறித்துவைக்கவில்லை.

அதற்குள் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். "அஜாக்கிரதையாக ஓட்டி, நிலைதடுமாறித் தானே விழுந்தார்" என்று அதில் இருக்கிறது. விழுந்தவனே குற்றவாளி ஆகிவிட்டான். எதிரே வேறு வண்டி இல்லாததால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உதவாது. வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று பார்த்தால், அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆறிவிடும் எலும்பு முறிவுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

சரி, மாநகராட்சியிடமே கேட்போம் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. "அந்த இடத்தில் குழியே இல்லை" என்று உங்கள் தரப்பு ஒரு வரி பதில் போட்டால் போதும், உண்மை எது என்பதே தகராறாகிவிடும். அப்படிப்பட்ட வழக்கை ரிட்டில் தீர்க்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். சிவில் வழக்கு இன்னொரு வழி. ஒரு சட்டத்தின்படி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கு இழப்பீடு கேட்டால், காலவரையறைச் சட்ட அட்டவணையின் 72-ஆம் பிரிவு ஒரே ஒரு வருடம்தான் தருகிறது என்று வாதாட இடமிருக்கிறது. கால் ஆறி வேலைக்குப் போகத் தொடங்கும்போதே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 198ஏ என்ற பிரிவு வந்தது. சாலையைத் தரமாகப் போடாமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அந்தப் பணம் அரசின் விபத்து நிதிக்குப் போகிறது, விழுந்தவர் கைக்கு வருவதில்லை.

எல்லா வழியும் கடைசியில் ஆதாரத்தில்தான் வந்து முட்டுகிறது. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்த வழக்கில், 1966-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: பராமரிப்பு முழுக்க மாநகராட்சி கையில் இருந்த கட்டடம் விழுந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி, அலட்சியம் இல்லை என்று காட்ட வேண்டியது மாநகராட்சிதான். எங்கள் தெருவும் உங்கள் பராமரிப்பில்தான் இருக்கிறது. யார் தோண்டினார்கள், சாலை வெட்டுக்கு எவ்வளவு கட்டணம் வாங்கினீர்கள், மேலே தார் போட ஏன் தாமதம் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலும், வேலையை அளந்து பதியும் எம்-புக்கிலும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஆஸ்பத்திரி பில் மட்டும்.

மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபர் 13 அன்று போட்ட உத்தரவைப் படித்துப் பாருங்கள். குழியாலோ திறந்த சாக்கடையாலோ இறந்தால் 6 லட்சம், காயத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்து 50,000 முதல் 2.5 லட்சம் வரை. ஆணையரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் சேர்ந்த குழு முடிவு செய்யும். 6 முதல் 8 வாரத்துக்குள் பணம் தர வேண்டும். கொடுத்ததை, தவறு செய்த அதிகாரியிடமும் ஒப்பந்ததாரரிடமும் வசூலிக்கலாம். அந்த உத்தரவு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இப்படி ஒரு குழு அமைக்க உங்கள் மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவதற்கு, நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பாக, இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாராவது விழுந்ததாகத் தகவல் வந்தால், வார்டு உதவிப் பொறியாளர் குழியை மூடும் முன் டேப் வைத்து அளக்கட்டும். தேதி, நேரத்தோடு போட்டோ எடுத்து, அந்த இடத்தைத் தோண்டிய துறை எது என்று எழுதி, ஒரு நகலைக் காயம்பட்டவர் வீட்டுக்கும் இன்னொன்றைக் காவல் நிலையத்துக்கும் அனுப்பட்டும். கால் மணி நேர வேலைதான். இது நடந்திருந்தால் தம்பியின் எஃப்.ஐ.ஆர். வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

எங்கள் தெருவில் அந்த ஜல்லி எந்தத் தேதியில், யாருடைய உத்தரவில் கொட்டப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறேன். 30 நாள் கெடு வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாநகராட்சிக்கு வரி கட்டும் ஒரு குடும்பத்தின் மூத்தவன்