ராத்திரி அனுப்புன பணம் திங்கக்கிழமைதான் போய்ச் சேந்துச்சு: புகார்

வாடிக்கையாளர் சேவை மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருந்து எழுதுறேன், உங்க பேங்க்ல ரொம்ப வருஷமா அக்கவுண்ட் வச்சிருக்கேன்.

என் கார் தவணை 6,200 ரேண்டு, வேற பேங்க்ல இருக்கிற என் அக்கவுண்ட்லேர்ந்து டெபிட் ஆர்டரா போகும். ஒண்ணாந்தேதி ஞாயிறுங்கிறதால திங்கக்கிழமை விடியக்காலைல எடுப்பாங்க. சனிக்கிழமை ராத்திரி கடையை மூடிட்டு வந்து 11:40க்கு உங்க ஆப்ல உடனடிப் பேமெண்ட் போட்டேன். உங்க எஸ்எம்எஸ்ல நள்ளிரவு 12லேர்ந்து 5 மணி வரைக்கும் மெயிண்டனன்ஸ், "சில சேவைகள் பாதிக்கப்படலாம்"னு மட்டும்தான் இருந்துச்சு, 20 நிமிஷம் இருக்கேன்னு நம்பித்தான் அனுப்பினேன். ஆப் சுத்திக்கிட்டே இருந்து கடைசில "மறுபடி முயற்சிக்கவும்"னுச்சு. பேலன்ஸ் பாத்தேன், ஒரு ரேண்டு கூட குறையல. அதனால 12:10க்கு திரும்ப அனுப்பினேன்.

திங்கக்கிழமை 9 மணிக்குப் பாத்தா ரெண்டும் போயிருக்கு, 12,400 ரேண்டு. அதுக்குள்ள டெபிட் ஆர்டர் பணமில்லாம திரும்பி, அந்த பேங்க் அபராதம் போட்டுடுச்சு. இந்தப் பக்கம் வீட்டுச் செலவுக்கு வச்சிருந்த காசும் காலி, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் கட்ட தங்கச்சிகிட்ட கைமாத்து வாங்கினேன்.

உங்க கால் சென்டர்ல ஒரு அம்மா பொறுமையா விளக்கினாங்க. மெயிண்டனன்ஸ் நேரத்துல ஆப் காட்டுற பேலன்ஸ் முன்னாடி எடுத்து வச்ச கணக்காம், அதுல புதுப் பேமெண்ட் தெரியாதாம், முதல் பேமெண்ட் தோத்துப் போகல, வரிசைல நின்னுச்சாம். இதைத்தான் அந்த ஸ்கிரீன்ல எழுதிருக்கணும்! "மறுபடி முயற்சிக்கவும்"னு எழுதினா யாருதான் மறுபடி அழுத்த மாட்டாங்க?

இப்போ நான் தவணைப் பணத்தை ரெண்டு வேலை நாள் முன்னாடி, பகல்ல, சாதா ஈஎஃப்டியாவே அனுப்புறேன், ஏன்னா வேற பேங்குக்குப் போக ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். தேதி போட்டு செட் பண்ணி வச்ச பேமெண்ட் எல்லாத்தையும் சனி, ஞாயிறு ராத்திரிலேர்ந்து வியாழனுக்கு மாத்திட்டேன். லீவு ஞாயித்துக்கிழமைல வந்தா இங்க திங்களும் லீவுதான், அதையும் பாத்துக்குறேன். ஏதாவது மாட்டுச்சுன்னா பேலன்ஸை நம்பாம, மெயிண்டனன்ஸ் முடிஞ்சப்புறம் ஸ்டேட்மெண்ட்ல ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கான்னு பாத்துட்டுதான் திரும்ப அனுப்புவேன்.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த அபராதத்தை நீங்க திருப்பிக் கொடுக்கணும். மெயிண்டனன்ஸ் அறிவிப்பை வியாழக்கிழமையே அனுப்பி, எந்த மணியோட உடனடிப் பேமெண்ட் எடுக்கிறதை நிறுத்துறீங்கன்னு தெளிவா போடணும். அந்த மணி ஆனதும் பேமெண்ட் பட்டனையே மூடிடுங்க.

எழுத்துல பதில் குடுங்க. சரியான பதில் வரலைன்னா நேஷனல் ஃபைனான்சியல் ஓம்பட் ஸ்கீம்ல இந்தக் கடிதத்தையும் ரெண்டு ஸ்டேட்மெண்டையும் சேத்துக் குடுக்கப் போறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாடிக்கையாளர்