தலைப்பு மாற்ற விண்ணப்பம் குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள கலைவாணி,

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய விண்ணப்ப வரைவும் கிடைத்தன. நான் நலம். இந்த ஆண்டு சில மாணவர்களின் ஆய்வுக் குழுக்களில் உறுப்பினராக இருப்பதால், மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து இத்தகைய விண்ணப்பங்களைப் படிக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உன் வரைவையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். ஆகவே சற்றுக் கறாராக எழுதினால் பொறுத்துக்கொள்.

வரைவின் முதல் பக்கம் முழுவதும், முன்னாய்வுகளைத் தொகுக்கும்போது உன் தலைப்பை ஒத்த இரண்டு கட்டுரைகள் கண்ணில் பட்டன என்பதையும், அதனால் உன் ஆய்வின் புதுமை குறைந்துவிட்டது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறாய். குழுவுக்கு இவ்வளவு போதாது. தலைப்பு மாற்றம் கேட்டு வரும் மாணவரைப் பார்த்ததும் அங்கே அமர்ந்திருப்பவர்களின் மனத்தில் எழும் முதல் ஐயம், வேலை கடினமாக இருப்பதால் இவர் விலகப் பார்க்கிறாரோ என்பதுதான். அந்த ஐயத்தைப் போக்க வேண்டுமானால், எந்தக் கூறு எந்த அளவுக்கு ஒத்திருக்கிறது, ஏற்கெனவே செய்த வேலையில் எது மிஞ்சுகிறது என்ற இரண்டையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே காட்டிவிட வேண்டும்.

ஒற்றுமையைத் தலைப்பைக் கொண்டு அளக்காதே. மருத்துவ ஆய்வில் வழக்கமாகப் பார்க்கும் நான்கு கூறுகளாக இரண்டு கட்டுரைகளையும் பிரித்துப் பார்த்தேன்: யாரிடம் ஆய்வு, என்ன தலையீடு, எதனோடு ஒப்பீடு, எதை அளந்தார்கள். உன் ஆய்வு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்பி, அனுப்பப்படாதவர்களோடு ஒப்பிட்டு, ஆறு மாதங்களில் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று பார்ப்பது. முதல் கட்டுரை நான்கு கூறுகளிலும் உன்னுடையதோடு பொருந்துகிறது. போதாததற்கு, நீ திட்டமிட்டதைப் போலப் பல மடங்கு பேரைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவது கட்டுரையோ நீரிழிவு நோயாளிகளைப் பற்றியது. செய்தியும் வாரத்துக்கு ஒன்றுதான். தலைப்பில் மட்டுமே அது உன்னுடையதைப் போலத் தெரிகிறது. அதை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடு. வலுவற்ற சான்றை வலுவானதன் அருகில் வைத்தால், கேள்வி கேட்பவர் வலுவற்றதைத்தான் பிடித்துக்கொள்வார்.

அவர்கள் ஆய்வு நடத்திய இடம் வேறு, உன் இடம் வேறு என்று வரைவின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய். தலைப்பை மாற்றாமலே தப்பிக்க அது ஒரு வழி என்று உனக்குத் தோன்றியிருக்கலாம். இடம் மாறுவதால் விடையும் மாறும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே அந்த வாதம் நிற்கும். உதாரணமாக, உன் நோயாளிகளில் பலர் எழுத்துச் செய்தியைப் படிக்க இயலாதவர்களாக இருந்தால் அது ஒரு காரணம். உன் திட்டத்திலோ கைப்பேசியில் படிக்கத் தெரிந்தவர்களை மட்டுமே சேர்ப்பதாக எழுதியிருக்கிறாய். ஆகவே அந்தக் கதவை நீயே சாத்திவிட்டாய்.

குழுவில் யாரேனும் ஒருவர், "ஒரே ஆய்வை இன்னொருவர் மீண்டும் செய்து பார்ப்பதும் அறிவியல்தானே, ஏன் மாற்ற வேண்டும்?" என்று கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி அது. அதற்கான விடை கணக்கில் இருக்கிறது. நினைவூட்டல் இல்லாதவர்களில் 60 விழுக்காட்டினரும், பெற்றவர்களில் 70 விழுக்காட்டினரும் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உன்னால் சேர்க்க முடிவது மொத்தம் 120 பேர், பக்கத்துக்கு 60. அப்போது கிடைக்கும் 10 புள்ளி வேறுபாட்டின் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி இருபுறமும் ஏறத்தாழ 17 புள்ளி விரியும். அதாவது உண்மையான பயன் 27 புள்ளியாகவும் இருக்கலாம், நினைவூட்டலால் 7 புள்ளி கெடுதலே நேர்ந்ததாகவும் இருக்கலாம். அந்த 10 புள்ளி வேறுபாட்டை வழக்கமான 80 விழுக்காட்டுத் திறனோடு கண்டறியப் பக்கத்துக்கு 350 பேருக்கு மேல் வேண்டும். ஆக, உன் 120 பேரைக் கொண்டு அந்தக் கட்டுரையின் முடிவை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இந்தக் கணக்கை மூன்று வரிகளில் விண்ணப்பத்தில் சேர்த்துவிடு. உன் வரைவில் இல்லாத மிக முக்கியமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

இனிப் புதிய தலைப்புக்கு வருகிறேன். குறுஞ்செய்தி நின்றபின் பழக்கம் நிலைக்கிறதா என்று பார்க்க விரும்புவதாக எழுதியிருக்கிறாய். நல்ல கேள்விதான், ஆனால் ஆறு மாதம் செய்தி அனுப்பி, பிறகு குறைந்தது ஆறு மாதம் காத்திருந்து, அதன்பின் எழுதத் தொடங்குவதற்கு உனக்குப் பதிவுக் காலம் மிஞ்சாது. அதைவிட அந்தக் கட்டுரையின் முறையியல் பகுதியை மீண்டும் ஒருமுறை பார். மருந்தை உட்கொண்டார்களா என்பதை அவர்கள் நோயாளியின் வாய்மொழியாகவும், மீந்த மாத்திரைகளை எண்ணியும் மட்டுமே அறிந்திருக்கிறார்கள். வாய்மொழி பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே சொல்லும். மாத்திரை எண்ணிக்கையும் அப்படித்தான். பரிசோதனைக்கு வரும் நாளுக்கு முன்பு மீந்ததைக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவோடு வருபவர்கள் உண்டு. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதியும் மின்னணு மூடி இவற்றைவிட மேல். என்றாலும் திறந்ததைத்தான் அது அறியும், விழுங்கியதை அறியாது.

இதில் எனக்குப் பட்டது என்னவென்றால், நாள்தோறும் "மருந்தை மறக்காதீர்கள்" என்று செய்தி பெறும் ஒருவர், மருந்தை எடுக்காவிட்டாலும் எடுத்ததாகச் சொல்லக் கூச்சத்தாலேயே தூண்டப்படலாம். அப்படியானால் நினைவூட்டல் மாற்றியது பழக்கத்தையா, விடையையா என்பது அந்தக் கட்டுரையிலிருந்து தெரியாது. வாய்மொழிக்கும் மின்னணு மூடியின் பதிவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், செய்தி பெற்றவர்களிடம் அதிகமாக இருக்கிறதா என்று நீ கேட்கலாம். இங்கே அளக்கப்போவது ஆம், இல்லை என்ற விடையை விட்டு, ஒவ்வொருவரிடமும் எத்தனை விழுக்காட்டு வேளைகள் வித்தியாசப்படுகின்றன என்ற எண்ணை. ஆகவே பக்கத்துக்கு 60 பேரைக் கொண்டே திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ பாதியளவுள்ள வேறுபாட்டை அதே 80 விழுக்காட்டுத் திறனோடு பிடித்துவிடலாம். அதைவிடச் சிறிய வேறுபாடு தப்பிவிடும் என்பதையும் மறைக்காமல் எழுது. கால அளவையும் மூன்று மாதமாகச் சுருக்க முடியும். மூடிகளுக்கு ஆகும் செலவை மட்டும் நெறியாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்.

இந்தத் தலைப்பையும் யாரும் தொட்டிருக்கிறார்களா என்று தேடாமல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடாதே. வெளியான கட்டுரைகளை மட்டும் தேடினால் போதாது, ஏனென்றால் இன்று நடந்துகொண்டிருக்கும் ஆய்வுதான் உன் ஆய்வேடு முடியும் நேரத்தில் அச்சாகி வந்து நிற்கும். 2000 முதல் இயங்கும் ClinicalTrials.gov பதிவேட்டிலும், முறைசார் மீளாய்வுகளுக்கென 2011இல் தொடங்கிய PROSPERO பதிவேட்டிலும், அச்சுக்கு முந்தைய கட்டுரைகளுக்காக medRxiv தளத்திலும் தேடு. தேடிய நாளையும் பயன்படுத்திய சொற்களையும் விண்ணப்பத்தில் குறிப்பிடு. "இத்தகைய ஆய்வை இதுவரை எவரும் செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதே. குழு கூடியிருக்கும்போதே கைப்பேசியில் தேடிப் பார்க்கும் உறுப்பினர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். "இந்த நாள்வரை இந்தப் பதிவேடுகளில் இந்தச் சொற்களைக் கொண்டு தேடியதில் கிடைக்கவில்லை" என்பது அடக்கமான வாக்கியம், அதை யாரும் அசைக்க முடியாது.

விண்ணப்பத்தின் நடுப்பகுதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஒப்புதல் பெற்ற ஆய்வின் பங்கேற்பாளர், தலையீடு, ஒப்பீடு, அளவீடு ஆகிய நான்கும் அண்மையில் வெளியான ஓர் ஆய்வோடு பொருந்துவதை இணைப்பிலுள்ள அட்டவணை காட்டுகிறது. என்னால் சேர்க்க இயலும் 120 பேரைக் கொண்டு அந்த முடிவை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலாது. எனவே அதே நோயாளிகளையும் அதே தலையீட்டையும் வைத்துக்கொண்டு, ஆய்வு வினாவை மட்டும் அளவீட்டின் நம்பகத்தன்மை நோக்கி மாற்ற அனுமதி கோருகிறேன்." கடைசி வாக்கியத்தைக் கவனி. கேட்பது சிறியதாகத் தெரிகிறது, உண்மையிலும் சிறியதுதான்.

மிஞ்சும் வேலையைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். உன் வினாப்படிவமும் நீ மொழிபெயர்த்துச் சரிபார்த்த ஒப்புதல் படிவமும் அப்படியே நிற்கின்றன; முன்னோட்டமாகச் சிலரிடம் திரட்டிய விடைகள் வினாப்படிவத்தைச் சோதித்ததற்கான சான்றாகப் பயன்படும். ஆனால் மின்னணு மூடி ஒருவருடைய அன்றாட நடவடிக்கையைப் பதிவுசெய்வதால், நெறிமுறைக் குழுவிடம் திருத்த ஒப்புதல் பெற்ற பின்பே ஒருவரைக்கூடச் சேர்க்கலாம். அதற்காகும் காலத்தைக் கால அட்டவணையில் தனி வரியாகக் காட்டு. அதை விட்டுவிட்டு வரும் விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். குழு மறுப்பதில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்துவிடுகிறது, மாணவருக்கு அதுவும் மறுப்பைப் போலத்தான்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பம் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே நெறியாளருடன் அமர்ந்து பேசி, அவருடைய பரிந்துரைக் குறிப்பையும் கையொப்பத்தையும் வாங்கிக்கொள். புள்ளியியல் தெரிந்த உறுப்பினரிடம் அந்த 120 பேர் கணக்கை முன்கூட்டியே காட்டிவிட முடிந்தால் இன்னும் நல்லது. கூட்டத்தில் மற்றவர்கள் இந்தக் கேள்வி வந்ததும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

திருத்திய வரைவையும் அட்டவணையையும் நெறியாளரிடம் கொடுப்பதற்கு முன் எனக்கும் ஒரு படி அனுப்பு. அந்த நீரிழிவுக் கட்டுரையை எடுத்துவிட்டாயா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
தேன்மொழி